டோப்ராமைசின் நெபுலைசர்: 28 நாள் போட்டு 28 நாள் நிறுத்துறது ஏன்?

சளி கெட்டியாகி நுரையீரலை அடைக்கிற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் இருக்குற பிள்ளைங்களுக்கு பிசியோதெரபி பண்றது என் வேலை. நுரையீரல்ல சூடோமோனாஸ் கிருமி நிரந்தரமா குடியேறிட்டா டாக்டர் டோப்ராமைசின்ங்கிற ஆன்டிபயாடிக்கை நெபுலைசர்ல போட எழுதுவாங்க. 300 மில்லிகிராம், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, 28 நாள். அப்புறம் 28 நாள் நிறுத்தணும். இந்த நிறுத்துற இடத்துலதான் அம்மாக்களுக்கு பயம் வருது. "நல்லா இருக்கும்போது ஏன் மேடம் நிறுத்தணும், இன்னும் கொஞ்ச நாள் போடட்டுமா?"னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான்.

சளிக்குள்ள இருக்குற கிருமியை இந்த மருந்தால முழுசா அழிக்க முடியாது, எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான். இடைவெளியே இல்லாம போட்டுக்கிட்டே இருந்தா மருந்துக்கு அசையாத கிருமிங்க மட்டும் தங்கி பெருகிடும். மருந்து இல்லாத நாள்ல மருந்துக்கு அடங்குற வகையும் திரும்ப வளருது, அதனால அடுத்த சுற்று ஆரம்பிக்கும்போது மருந்துக்கு வேலை இருக்கும். 1990கள்ல இந்த மருந்தை சோதிச்ச பெரிய ஆய்வுகள்லயே இப்படி விட்டுவிட்டுத்தான் குடுத்தாங்க. ஊதுற சக்தியில கிடைச்ச முன்னேற்றம் நிறுத்துன மாசத்துல கொஞ்சம் இறங்குனாலும் முழுசா போயிடலைன்னு அதுல தெரிஞ்சுது.

ஒரு பையனோட கதை சொல்றேன், 12 வயசு. ரெண்டாவது சுற்றோட கடைசில அவங்க அம்மா வந்து, முதல் தடவை மாதிரி இந்த தடவை கேக்கலை, சளி குறையவே இல்லைன்னாங்க. மீதி மருந்தை எண்ணிப் பாக்கச் சொன்னேன். ஒரு சுற்றுக்கு 56 குப்பி, 28-ஆவது நாள் ராத்திரி ஒண்ணும் மிஞ்சக்கூடாது, ஆனா இவங்ககிட்ட 11 மிஞ்சியிருந்துச்சு. விசாரிச்சா, ஒரு டோஸ் முடிய முக்கால் மணி நேரம் ஆகுதாம், ஸ்கூல் வேன் வந்துடும், அதனால காலை டோஸ் பல நாள் போச்சு. சரியான மெஷின்ல கால் மணி நேரத்துல முடிய வேண்டிய மருந்து அது. நெபுலைசர் கப்பை வாங்கிப் பாத்தா உள்ள வெள்ளையா படிஞ்சிருந்துச்சு, புகை மெல்லிசா வந்துச்சு. கப்பை மாத்தி, கம்ப்ரஸர் ஃபில்டரையும் மாத்துனதும் பழையபடி கால் மணி நேரத்துல முடிஞ்சுது. நேரம் கூடிக்கிட்டே போனா முதல்ல கப்பை சந்தேகப்படுங்க. தினமும் சோப்புத் தண்ணியில கழுவி, 5 நிமிஷம் கொதிக்க வெச்சு, நல்லா காய விடணும், ஈரமான கப்புல இதே சூடோமோனாஸ் வளரும்!

மிஞ்சுன 11 குப்பியையும் தீர்க்கலாம்னு அந்த அம்மா 28 நாளைத் தாண்டி போட நினைச்சாங்க. வேண்டாம்னு சொன்னேன். ஃப்ரிட்ஜ்லயே இருந்து காலாவதி தேதியும் தாண்டலைன்னா அடுத்த சுற்றுக்கு வெச்சுக்கலாம். டோஸ் தவறிட்டா, அடுத்த டோஸுக்கு 6 மணி நேரமாவது இருந்தா உடனே போடலாம், இல்லைன்னா விட்டுடணும், ரெண்டு டோஸை சேத்துப் போடவே கூடாது.

இருமல் நிறைய பேருக்கு வரும். அதனாலதான் முதல் டோஸை ஆஸ்பத்திரிலயே, ஊதுற சோதனையை முன்னாடியும் பின்னாடியும் பண்ணிப் போடுறோம், ஏன்னா சிலருக்கு மூச்சுக்குழாய் இறுகிடும். வீட்ல வரிசை முக்கியம்: முதல்ல டாக்டர் எழுதுன மூச்சுக்குழாய் விரிக்கிற மருந்து, அப்புறம் சளியை இளக்குற மருந்தும் பிசியோதெரபியும், சளி வெளிய வந்த பிறகு கடைசியா டோப்ராமைசின். சளி அடைச்ச இடத்துக்கு மருந்து போகாது. வேற எந்த மருந்தோடயும் ஒரே கப்புல கலக்கக் கூடாது. மூச்சு விடவே கஷ்டமா இருந்தா, வீசிங் சத்தம் வந்தா நிறுத்திட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க.

குரல் கம்முறதும் சகஜம், அந்த பையனுக்கும் வந்துச்சு. ஒவ்வொரு டோஸுக்கு அப்புறமும் வாய் கொப்பளிக்கச் சொன்னேன், நிறுத்துன நாள்ல தானா சரியாச்சு. காது விஷயத்தை மட்டும் அப்படி விடாதீங்க. மூச்சுல இழுக்குற மருந்துல ரத்தத்துக்குப் போறது ரொம்பக் கம்மிதான், ஆனாலும் காதுல கொய்ங்னு சத்தம், தலைசுத்தல்னா அடுத்த டோஸுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசணும். சின்னப் பிள்ளைங்க இதைச் சொல்லத் தெரியாம டிவி சத்தத்தை கூட்டச் சொல்லும், கூப்பிட்டா திரும்பாது. இதே வகை ஊசி முன்னாடி நிறைய போட்டவங்க, கிட்னி பிரச்சனை இருக்குறவங்க, வீட்ல யாருக்காவது இந்த மருந்தால காது போயிருந்தா அதை ஆரம்பிக்கும்போதே சொல்லிடுங்க, காது சோதனை பண்ணிட்டு ஆரம்பிக்கலாம்.

இன்னொண்ணு, நிறுத்துன 28 நாள்ல டோப்ராமைசின் மட்டும்தான் நிக்குது, பிசியோதெரபி, உப்புத்தண்ணி நெபுலைசர், என்சைம் மாத்திரை எல்லாம் வழக்கம்போல நடக்கணும். அந்த நாள்ல சளி கூடி நிறம் மாறுச்சுன்னா, பசி குறைஞ்சு எடை இறங்குச்சுன்னா நீங்களா சுற்றை முன்னாடியே ஆரம்பிக்காம வந்து காட்டுங்க. ஒவ்வொரு தடவையும் நிறுத்துன மாசத்துலயே படுத்துக்கிற பிள்ளைக்கு அந்த மாசத்துக்கு மூச்சுல இழுக்குற வேற ஆன்டிபயாடிக் குடுக்க டாக்டர் யோசிப்பாங்க. அதுக்கு தேதி போட்ட நோட்டு வேணும்: எந்த நாள் ஆரம்பிச்சது, எந்த நாள் நிறுத்துனது, எந்த நாள்ல இருந்து இருமல் கூடுச்சு.