15 குறைந்து 5 ஆனால் மெஷின் நல்லதாகிவிட்டதா?

இரண்டு மெஷின்களின் நிறுத்தங்களை ஒப்பிட்டு இந்த மாதமும் ஒரு ரிப்போர்ட் வந்தது. பழைய மெஷின் 2000 மணி நேரம் ஓடி 15 தடவை நின்றிருக்கிறது. புதியது 1500 மணி நேரம் ஓடி 5 தடவை நின்றிருக்கிறது. "பழுது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, இன்னும் நான்கு மெஷின் வாங்கலாம்" என்று கீழே பரிந்துரை. கூடவே, குறிப்பிட்ட நேரத்தில் ஒரு நிகழ்வு எத்தனை தடவை வரும் என்பதற்கான பாய்சான் பரவலை வைத்து ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் இருந்த தவறு எனக்கு மனப்பாடம். தரவோடு வருகிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் செய்து கொண்டு வருகிறார்கள்.

ரிப்போர்ட் எழுதியவர்கள் செய்தது இதுதான். பழைய மெஷின் 1000 மணிக்கு 7.5 தடவை நிற்கிறது. அதே வீதத்தில் ஓடினால் புதியது 1500 மணியில் 11.25 தடவை நிற்க வேண்டும். சராசரி 11.25 உள்ள பாய்சான் மாறி 5 அல்லது அதற்குக் கீழே வர நிகழ்தகவு 0.032. வழக்கமான எல்லையான ஐந்து சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது, ஆகவே முன்னேற்றம் உறுதி என்று முடித்துவிட்டார்கள்.

11.25 எங்கிருந்து வந்தது? பழைய மெஷினின் 15-லிருந்து. அந்த 15 கல்லில் செதுக்கிய எண்ணா? புதிய மெஷினின் 5 எப்படித் தற்செயலாக ஏறி இறங்கக்கூடியதோ, அப்படியே இந்த 15-ம் ஏறி இறங்கக்கூடியது. பாய்சானில் பரவற்படியும் சராசரியும் ஒன்றுதான். உண்மைச் சராசரி 15 ஆகவே இருந்தாலும் திட்டவிலக்கம் கிட்டத்தட்ட 3.9. அதே மெஷினை இன்னொரு 2000 மணி ஓட்டினால் 11 வரலாம், 19-ம் வரலாம். இரண்டில் ஒன்றை மட்டும் ஆட விட்டு, மற்றதை அசையாத உண்மையாக வைத்துக் கணக்குப் போட்டால், வித்தியாசம் இருப்பதைவிடப் பெரிதாகத்தான் தெரியும். பழைய வீதம் பல ஆண்டுப் பதிவிலிருந்து வந்திருந்தால் அதை நிலையான எண்ணாக எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. 15 நிறுத்தங்களிலிருந்து வந்த வீதத்துக்கு அந்த மரியாதை கிடையாது.

சரி, உண்மை வீதம் தெரியாதபோது எப்படி ஒப்பிடுவது? இங்கேதான் பாய்சானின் ஒரு அழகான பண்பு கை கொடுக்கிறது.

பழைய மெஷினின் எண்ணிக்கை X, அதன் சராசரி λ என்போம். புதியதின் எண்ணிக்கை Y, அதன் சராசரி μ. இரண்டும் ஒன்றையொன்று சாராத பாய்சான் மாறிகள். மொத்தம் n ஆக வேண்டுமானால் Y = k, X = n − k என்று k = 0 முதல் n வரை எல்லா வழிகளையும் கூட்ட வேண்டும்:

Σ [e^(−μ) μ^k / k!] · [e^(−λ) λ^(n−k) / (n−k)!]

e^(−(λ+μ)) / n! என்பதை வெளியே எடுத்தால் உள்ளே மிஞ்சுவது (λ+μ)^n-இன் ஈருறுப்பு விரிவு. ஆகவே மொத்தமும் பாய்சான்தான், அதன் சராசரி λ + μ.

இப்போது மொத்தம் n என்று தெரிந்துவிட்டது. அதில் Y-இன் பங்கு k ஆக இருக்க நிகழ்தகவு என்ன? மேலே உள்ள கூட்டலில் ஒரே ஓர் உறுப்பை மொத்தத்தின் நிகழ்தகவால் வகுத்தால் போதும். e எல்லாம் அடிபட்டுப் போகும். கிடைப்பது இது:

P(Y = k | மொத்தம் = n) = C(n, k) · p^k · (1−p)^(n−k), இதில் p = μ / (λ + μ)

இது ஈருறுப்புப் பரவல். சூத்திரம் பிடிக்காதவர்கள் இப்படிப் பாருங்கள். இரண்டு மெஷினின் நிறுத்தங்களையும் ஒரே லாக் புத்தகத்தில் எழுதுகிறோம், எது எந்த மெஷின் என்ற பத்தியை மட்டும் கையால் மறைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு வரியும் புதிய மெஷினுடையதாக இருக்க வாய்ப்பு p, முந்தைய வரி யாருடையது என்பது இதைப் பாதிக்காது. 20 வரி என்றால் 20 முறை நாணயம் சுண்டுவதுதான், ஆனால் பக்கம் சாய்ந்த நாணயம்.

எவ்வளவு சாய்ந்தது? இரண்டு மெஷினுக்கும் மணிக்கு r என்ற ஒரே வீதம் என்று வைத்துக்கொண்டால் p = 1500r / 3500r = 3/7. நமக்குத் தெரியாத r காணாமல் போய்விட்டது பாருங்கள்! பொதுவான வீதம் எவ்வளவு என்ற செய்தி மொத்தத்தில் இருக்கிறது. எது மேல் என்ற செய்தி பங்கீட்டில் இருக்கிறது. நாம் கேட்பது இரண்டாவது கேள்வியை மட்டும்தான், ஆகவே மொத்தத்தை 20 என்று நிலைநிறுத்திவிட்டுப் பங்கீட்டைப் பார்த்தால் போதும். ப்ரிசிபோரோவ்ஸ்கியும் விலென்ஸ்கியும் 1940-லேயே வெளியிட்ட சோதனை இது.

20-இல் 5 அல்லது குறைவு, p = 3/7 என்றால் நிகழ்தகவு 0.080. அவர்கள் சொன்ன 0.032 இல்லை. R என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒரே வரி:

```
poisson.test(c(5, 15), c(1500, 2000), alternative = "less")
```

இதையே p = 1/2 என்று போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அப்போது 0.021 வரும். ஓடிய நேரம் வேறு வேறாக இருக்கும்போது பாதிக்குப் பாதி என்று எடுப்பது சுத்தத் தவறு. "less" என்பதையும் தரவைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்காதீர்கள். கூடுமா குறையுமா என்று முன்பே முடிவு செய்யவில்லை என்றால் இருபக்கச் சோதனைதான் முறை. அதில் 0.119 வருகிறது.

அப்புறம் ஒரு விஷயம், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மேலே சொன்னது எல்லாம் நிறுத்தங்கள் ஒன்றையொன்று சாராதபோது மட்டும் செல்லும். லாக் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தேன். பழைய மெஷின் ஒரு நாள் காலை அரைமணிக்குள் ஐந்து தடவை நின்றிருக்கிறது. ஒரே சென்சார் கோளாறு, ரீசெட் செய்து ஓட்டியிருக்கிறார்கள், மறுபடி மறுபடி நின்றிருக்கிறது. அது ஐந்து நிகழ்வு இல்லை, ஒன்று. அதைச் சரிசெய்தால் 15 என்பது 11 ஆகிறது, மொத்தம் 16. அதில் 5 அல்லது குறைவாக வர நிகழ்தகவு 0.249. நான்கு வரிகள் போனதும் வித்தியாசத்துக்கான சான்று கிட்டத்தட்ட கரைந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். வாரவாரியாக எண்ணி, பரவற்படியைச் சராசரியோடு ஒப்பிடுங்கள். பரவற்படி மிக அதிகமாக இருந்தால் கொத்துக் கொத்தாக வந்திருக்கின்றன என்று சந்தேகப்படலாம். கரண்ட் போய் இரண்டு மெஷினும் ஒன்றாக நின்ற வரிகளையும் தனியே எடுத்துவிடுங்கள். அவை இரண்டு எண்ணிக்கையிலும் ஒரே சமயத்தில் ஏறுகின்றன. அப்படி ஏறினால் கூட்டுத்தொகை பாய்சானாக இருக்காது, பங்கீடும் ஈருறுப்பாக இருக்காது.

தயவுசெய்து வெறும் எண்ணிக்கையை மட்டும் அனுப்பாதீர்கள். ஓடிய மணி நேரமும், ஒவ்வொரு நிறுத்தத்தின் தேதி, நேரம், காரணமும் வேண்டும். இந்த மெஷின்களைப் பொறுத்தவரை நான் எழுதிக் கொடுத்தது: வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், இரண்டையும் இன்னொரு சுற்று அதே அளவு ஓட்டுங்கள், ரீசெட் நிறுத்தங்களை ஒன்றாக எண்ணுங்கள். இரண்டு சுற்றும் சேர்த்துப் பழையது 22, புதியது 10 என்று வந்தால் இன்னும் எதுவும் சொல்ல முடியாது. பழையது 30, புதியது 10 என்று வந்தால் நிகழ்தகவு 1.5 சதவீதத்தை ஒட்டி இறங்கும், அப்போது பரிந்துரையை மறுபடி எடுத்து வாருங்கள்.