பழைய நகை கட்டியாகும்போது எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்?

தங்கத்தின் மாற்றுப் பார்ப்பதுதான் என் வேலை. பழைய நகையைச் சுத்திகரிக்கக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் 'கிராமுக்கு எவ்வளவு கூலி?' என்று மட்டும் கேட்கிறார்கள். கணக்கு தப்புவது அதற்கு முன்பே, உருக்கும் இடத்தில்.

100 கிராம் பழைய நகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டிகை, கல் தோடு, நாள்பட்ட சங்கிலி எல்லாம் கலந்தது. கல்லைக் கழற்றி, வெண்காரம் தூவி மூசையில் உருக்கினால் அரக்கு, அழுக்கு, மெழுகு எரிந்து 96 கிராம் நிற்கிறது. போன 4 கிராம் தங்கம் இல்லை. ஆனாலும் எதிரில் நின்று பார்த்தால்தான் அது உங்களுக்கு உறுதியாகும்.

அடுத்தது டச், அதாவது நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற எண். உருக்காத நகையை எக்ஸ்ரே கருவியில் வைத்தால் மேற்பரப்பை மட்டுமே அது படிக்கும். உருக்கிக் கலக்கிய பிறகு எடுத்த மாதிரிதான் உண்மையைச் சொல்லும். 22 காரட் என்று வாங்கிய சங்கிலியே பற்றவைப்புப் பொடியால் 91.6-க்குக் கீழே இறங்குவது சாதாரணம். நம் கட்டி 90 வந்தால் சுத்தத் தங்கம் 86.4 கிராம். அதையே 89.5 என்று எழுதினால் 85.92. அரை டச்சில் கிட்டத்தட்ட அரை கிராம் போய்விடும். 'கூலியே இல்லை' என்று சொல்லும் இடத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சந்தேகம் இருந்தால் நெருப்புச் சோதனை கேளுங்கள். மாதிரியை ஈயத்தோடு உலையில் வைத்து, செம்பைப் பிரித்து, வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் தங்கத்தை நிறுத்துப் பார்க்கும் முறை அது.

இதற்குப் பிறகு உங்கள் கட்டி பெரும்பாலும் மற்றவர்களுடையதோடு சேர்ந்துவிடும். சிறிய அளவைத் தனியே கரைப்பது கட்டுப்படியாகாது. அதனால் டச் சீட்டில் உள்ள எண்ணே உங்கள் உரிமை.

சேர்ந்த உலோகத்தை ராஜதிராவகத்தில், அதாவது மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். வெள்ளி வெண்மையான குளோரைடாக அடியில் தங்கும். வெள்ளி அதிகமானால் அது தங்கத்தின் மேலேயே படிந்து கரைவதைத் தடுக்கும் என்பதால் முன்கூட்டியே குறைக்க வேண்டியிருக்கும். வடிகட்டிய கரைசலில் சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டால் தங்கம் பழுப்புப் பொடியாக விழும். அதைக் கழுவி, உலர்த்தி, உருக்கி வார்த்து, மறுபடி சோதித்து, எடை, தரம், வரிசை எண் பொறித்தால் அதுதான் கட்டி.

கூலி எரிபொருளுக்கும் மூசைக்கும், அமிலத்துக்கும் சோதனைக்கும் போகிறது. பழுப்புப் புகையைக் கழுவும் சாதனமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் இதில் அடக்கம். வடிதாளிலும் மூசையிலும் ஒட்டும் தங்கத்தையும் சிலர் இதிலேயே சேர்ப்பார்கள், சிலர் தனிக் கழிவாகப் பிடிப்பார்கள். 10 கிராமுக்கும் சோதனைச் செலவு அதேதான், ஆகவே சின்ன அளவுக்குக் கூலி கூடுதலாகத் தெரியும். நகையிலுள்ள வெள்ளிக்குப் பெரும்பாலும் தனிப் பணம் தருவதில்லை. கொடுக்கும் முன்பே இவற்றைப் பேசிவிடுங்கள்.

கடைசியில் 99.5 தரக் கட்டி தந்தால், கூலியைப் பணமாகக் கட்டியிருக்கும் பட்சத்தில், அந்த 86.4-க்கு எடை சுமார் 86.83 கிராம் வர வேண்டும். 86.4 கிராம் கட்டியை நீட்டினால், மீதி 0.43 எங்கே என்று அங்கேயே கேளுங்கள்.