‘பாபா’ பிறக்கும் விதம்: மழலையும் அதற்கு நாம் தரும் மறுமொழியும்

ஏழு மாதக் குழந்தை ‘பாபாபா’ என்றும் ‘தாதாதா’ என்றும் விடாமல் ஒலிப்பது பேச்சின் தொடக்கமா, அல்லது பேச்சோடு தொடர்பில்லாத வாய் விளையாட்டா என்ற கேள்வி மொழியியலில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. ரஷ்யாவில் பிறந்த மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1941இல் இரண்டாவது விடையைத் தேர்ந்தார். மழலைப் பருவத்தில் குழந்தை உலக மொழிகளின் ஒலிகளையெல்லாம் ஒழுங்கின்றி எழுப்புகிறது. பிறகு அவற்றை இழந்துவிட்டு, பொருளை வேறுபடுத்தும் ஒலிகளான ஒலியன்களை எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒரு வரிசையில் புதிதாகக் கற்கிறது என்பது அவர் கருத்து. ஆனால் 1970களில் கிம்ப்ரோ ஆலர் போன்ற ஆய்வாளர்கள் குழந்தைகளின் குரலை ஒலிப்பதிவு செய்து, நிதானமாகக் கேட்டு எழுதியபோது வேறொரு காட்சி தெரிந்தது. மழலையில் எல்லா ஒலிகளும் இல்லை. ப, ம, த போன்ற மிகச் சில ஒலிகளே மீண்டும் மீண்டும் வருகின்றன. மெய்களை அடுக்கி ஒலிக்கும் கூட்டொலிகள் அரிதாகவே வருகின்றன. முதல் சொற்களைப் பேசும் குழந்தையிடம் காணப்படும் விருப்பங்களும் இவையே. மழலைக்கும் பேச்சுக்கும் இடையே யாக்கப்சன் கண்ட பிளவு உண்மையில் இல்லை.

அந்த ‘பாபா’ திடீரென்று தோன்றுவதுமில்லை. பிறந்த குழந்தையின் குரல்வளை கழுத்தில் மேலே அமைந்திருக்கிறது. நாக்கு வாயை ஏறக்குறைய நிறைத்திருக்கிறது. அதனால் அழுகை நீங்கலாக முதல் இரு மாதங்களில் வரும் ஒலிகள் பெரும்பாலும் வாய் சரியாகத் திறக்காத, மூக்கொலி கலந்த முனகல்களாகவே இருக்கும். இரண்டு, மூன்று மாதங்களில் நாக்கின் பின்புறம் மேலே உரசுவதால் ‘ங்கா’, ‘அக்கூ’ போன்ற ஒலிகள் வருகின்றன. நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் குழந்தை தன் குரலைச் சோதித்துப் பார்ப்பது போலக் கீச்சிடும், உறுமும், எச்சில் தெறிக்க உதடுகளை அதிர வைக்கும், உயிரொலிகளை நீட்டும். இக்காலத்திலேயே மெய்யும் உயிரும் சேர்ந்தது போன்ற ஒலிகளும் கேட்கத் தொடங்கும். ஆனால் அவற்றை ‘பா’ என்று எழுதக் கை வராது. உதடு மூடிய நிலையிலிருந்து உயிருக்குச் செல்லும் நகர்வு இழுபட்டு, ‘ம்ம்ம்ஆஆ’ என்று வழுக்கிக்கொண்டு போகும்.

பெரியவர்களின் பேச்சில் அந்த நகர்வு மிக விரைவானது. ஒரு நொடியின் எட்டில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ஏறத்தாழ ஆறு முதல் பத்து மாதங்களுக்குள் குழந்தையும் இந்த வேகத்தை எட்டுகிறது. அப்போது வரும் மழலையை இக்கட்டுரையில் ‘அசைமழலை’ என்று அழைக்கிறேன், ஏனெனில் எந்த மொழியிலும் அசையாக நிற்கக்கூடிய ஒலிகள் இப்போதுதான் முதன்முறையாக வருகின்றன. இதைக் கண்டறியக் கருவிகள் தேவையில்லை என்பது ஆலரின் ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பயிற்சி இல்லாத பெற்றோரே தம் குழந்தை இந்நிலையை எட்டிவிட்டதா என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அசைமழலையில் நடப்பது என்ன என்பதற்குப் பீட்டர் மெக்நீலேஜும் பார்பரா டேவிஸும் தந்த விளக்கம் எளிமையானது. குழந்தை குரலெழுப்பிக்கொண்டே தாடையைச் சீராக மூடித் திறக்கிறது. மூடும்போது மெய்யும், திறக்கும்போது உயிரும் நமக்குக் கேட்கின்றன. நாக்கு தனியாக வேலை செய்வதில்லை. அந்த நேரத்தில் எங்கே கிடக்கிறதோ அங்கேயே இருந்தபடி தாடையோடு ஏறி இறங்குகிறது. இது உண்மையானால், மெய்யும் உயிரும் தாம் விரும்பியபடி சேர முடியாது. நாக்கு நடுவில் கிடந்தால் உதடு மூடித் திறந்து ‘பா’ வர வேண்டும். முன்னே தள்ளியிருந்தால் ‘தெ’ அல்லது ‘தி’ போன்ற அசை வர வேண்டும். பின்னே ஒதுங்கியிருந்தால் ‘கு’, ‘கோ’ வர வேண்டும். குழந்தைகளின் பதிவுகளை எண்ணிப் பார்த்தபோது இந்தச் சேர்க்கைகளே எதிர்பார்ப்பைவிட மிகுதியாக இருந்தன. எனவே, ‘பாபா’ என்னும் குழந்தை ப் என்ற மெய்யையும் ஆ என்ற உயிரையும் தேர்ந்து இணைக்கிறது என்று கொள்ளலாகாது. முதலில் கிடைப்பது அசை முழுவதும். அதன் உறுப்புகளைத் தனித்தனியே ஆளும் திறன் பின்னர்தான் வருகிறது.

தாடையின் அசைவே முழுக் காரணம் என்றால், காது கேளாத குழந்தைகளும் அதே வயதில் அசைமழலை பேச வேண்டும். ஆலரும் ரெபெக்கா ஐலர்ஸும் 1988இல் வெளியிட்ட ஆய்வு அப்படி இல்லை என்று காட்டியது. கேட்கும் குழந்தைகள் அனைவரும் பத்து மாதங்களுக்குள் அசைமழலையைத் தொடங்கிவிட்டனர். கடுமையான செவித்திறன் குறைபாடுடைய குழந்தைகளுள் ஒருவர்கூடப் பதினோரு மாதங்களுக்கு முன் தொடங்கவில்லை. தாடை அசைவு ஒலியாக மாறிக் காதுக்குத் திரும்பி வந்து, ‘இப்படி அசைத்தால் இப்படிக் கேட்கும்’ என்ற தொடர்பு மூளையில் உருவாக வேண்டியிருக்கிறது.

இதில் பெற்றோர் அறிய வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் ‘ங்கா’ சொல்லும், கீச்சிடும், உறுமும், சிரிக்கும். ‘குழந்தை நன்றாகச் சத்தம் போடுகிறதே’ என்று வீட்டார் அமைதியடைவதால்தான் சில குறைபாடுகள் கண்டறியப்படாமல் நழுவுகின்றன. சத்தத்தின் அளவைப் பார்க்காமல் அதன் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். பத்து மாதம் முடிந்தும் ‘பாபா’, ‘மாமா’, ‘தாதா’ போன்ற தெளிவான அசைகள் வரவில்லையென்றால், பிறந்தவுடன் செய்த சோதனையில் குறை காணப்படாத குழந்தைக்கும் மீண்டும் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும்.

இனி, குழந்தையின் காதில் விழும் பேச்சைப் பார்ப்போம். பச்சிளங்குழந்தையிடம் பேசும்போது நம் குரல் உயர்கிறது, அதன் ஏற்ற இறக்கம் பெருகுகிறது, தொடர்கள் சுருங்குகின்றன, இடைநிறுத்தங்கள் நீள்கின்றன. நான்கு மாதக் குழந்தைகளே இத்தகைய பேச்சைப் பெரியவர்களுக்கிடையேயான பேச்சைவிட விரும்பிக் கேட்கின்றன என்று ஆன் ஃபெர்னால்டு 1985இல் காட்டினார். கவனத்தை ஈர்ப்பதோடு இது ஒலிகளையும் கற்பிக்கிறதா? பாட்ரீசியா குல் 1997இல் அமெரிக்கா, ரஷ்யா, சுவீடன் ஆகிய நாடுகளின் தாய்மார்களை ஆராய்ந்து, அவர்கள் குழந்தையிடம் பேசும்போது ஆ, ஈ, ஊ ஆகிய உயிர்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தெளிவாக ஒலிக்கிறார்கள் என்று கண்டார். கொஞ்சிப் பேசுவது இயல்பான ஒலிப்பாடம் என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது. ஆனால் 2015இல் ஜப்பானியத் தாய்மார்களின் பேச்சை விரிவாக அளந்தவர்கள், குழந்தையிடம் பேசும்போது ஒலிகள் ஒட்டுமொத்தமாகச் சற்றுத் தெளிவு குறைந்தே இருப்பதாகக் கண்டனர். சிரித்துக்கொண்டும் குரலை ஏற்றி இறக்கியும் பேசும்போது ஒலிகள் சிதறுவது வியப்புக்குரியதன்று. தெளிவான உச்சரிப்பே இப்பேச்சின் முதன்மைப் பயன் என்ற வாதத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

நம் மறுமொழி எந்த நேரத்தில் வருகிறது என்பதே முக்கியம் என்பதற்கான சான்று இதைவிட உறுதியானது. மைக்கேல் கோல்ட்ஸ்டீனும் உடனாய்வாளர்களும் 2003இல் எட்டு மாத வயதையொட்டிய குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். தாயின் காதில் காதொலிப்பான் பொருத்தி, குழந்தை மழலை எழுப்பிய உடனே அதைப் பார்த்துச் சிரிக்கவும், அருகில் செல்லவும், தொடவும் குறிப்புக் கொடுத்தார்கள். மற்றொரு குழுவில் தாய்மார்கள் அதே அளவு சிரித்தார்கள், தொட்டார்கள். ஆனால் அவை தம் குழந்தையின் ஒலியோடு பொருந்தாத நேரங்களில் வந்தன. உடனடி மறுமொழி பெற்ற குழந்தைகளின் மழலை அந்த ஒரே அமர்வுக்குள் முதிர்ந்தது. அசைகள் கூடுதலாகவும் விரைவான நகர்வுகளோடும் வந்தன. மற்றக் குழுவில் அத்தகைய மாற்றம் இல்லை. தாய் ஒரு சொல்கூடச் சொல்லாமல், தொடுதலாலும் சிரிப்பாலுமே இது நிகழ்ந்தது.

கோல்ட்ஸ்டீனும் ஜெனிஃபர் ஷ்வேடும் 2008இல் அடுத்த படிக்குச் சென்றார்கள். ஒன்பதரை மாதக் குழந்தைகளின் மழலைக்கு இப்போது தாய்மார்கள் ஒலியாலேயே மறுமொழி தந்தார்கள். சிலர் முழுமையான உயிரொலிகளை மட்டும் சொன்னார்கள். சிலர் மெய்யும் உயிரும் கொண்ட சொற்களைச் சொன்னார்கள். உயிர் கேட்ட குழந்தைகள் முழுமையான உயிர்களைக் கூடுதலாக ஒலித்தன. மெய்யும் உயிரும் கேட்டவை அத்தகைய அசைகளைக் கூடுதலாக ஒலித்தன. மறுமொழி நேரம் பொருந்தாத குழந்தைகள் அதே ஒலிகளைக் கேட்டும் மாறவில்லை. இதில் முக்கியமானது, குழந்தைகள் தாய் சொன்ன அதே ஒலிகளைத் திருப்பிச் சொல்லவில்லை என்பதே. அவை தம்மிடம் ஏற்கெனவே இருந்த ஒலிகளைக் கொண்டு, கேட்ட அசை வடிவத்தை எடுத்துக்கொண்டன. கிளி போலத் திருப்பிச் சொல்லுதல் அன்று இது. வடிவத்தைப் பிரித்தறியும் கற்றல்.

இதிலிருந்து, கொஞ்சிப் பேசாத வீட்டில் பேச்சு வளராது என்று முடிவு கட்டுவது தவறு. பாப்புவா நியூகினியின் கலுலி மக்களிடையே வாழ்ந்த பாம்பி ஷீஃபெலின், அங்கே பெரியவர்கள் மழலையைப் பேச்சாகக் கருதுவதில்லை என்றும், குழந்தைக்காகச் சொற்களை எளிமையாக்குவதில்லை என்றும் பதிவு செய்தார். அக்குழந்தைகளும் உரிய வயதில் பேசுகின்றன. உடனடி மறுமொழி ஒரு வழியைத் தெளிவாக்குகிறது. வழி அது ஒன்றே என்று சோதனைகள் சொல்லவில்லை.

மழலை அசைகளே சொற்களாக மாறுவதை மெர்லின் விமனின் ஆய்வுகள் பின்தொடர்ந்தன. ஒவ்வொரு குழந்தையும் மழலையில் நிலையாக ஒலித்த ஓரிரு மெய்களைக் கொண்ட சொற்களையே முதலில் பேச எடுத்துக்கொள்கிறது. தன் வாய்க்குப் பழகிய அசைவோடு ஒத்துப்போகும் சொல்லே கேட்கும்போதும் எடுப்பாகத் தோன்றுகிறது என்பது அவர் கருத்து. செவிப்புலன் மட்டும் இதைவிட வெகுதூரம் முன்னே செல்கிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்டு டீஸும் 1984இல் காட்டியபடி, ஆங்கிலச் சூழலில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இந்தியின் பல்லொலி த-வையும் நாவளை ட-வையும் வேறுபடுத்துகின்றன. முதல் பிறந்தநாள் நெருங்கும்போது அத்திறன் பெரிதும் குன்றிவிடுகிறது. அதே வேறுபாட்டைச் சொற்பொருளுக்குப் பயன்படுத்தும் தமிழ் வீட்டுக் குழந்தை அதை நாள்தோறும் கேட்கிறது. ஆனால் கேட்டுப் பிரித்தறிவதற்கும் நாக்கை வளைத்து ஒலிப்பதற்கும் இடையே நெடுந்தூரம் இருப்பதால், வாய் அதுவரை எளிய அசைகளிலேயே நிற்கிறது.

கேட்கும்போது எடுப்பாகத் தோன்றும் வடிவத்தைக் குழந்தையின் வாய் பற்றிக்கொள்வதற்கு இரட்டித்த மெய் நல்ல எடுத்துக்காட்டு. ஃபின்னிய மொழி பேசும் வீடுகளில் சொல்லின் நடுவே வரும் நீண்ட மெய் குழந்தைகளின் கவனத்தைப் பற்றிக்கொள்கிறது; அதைக் காப்பாற்றி, சொல்லின் முதல் மெய்யை விட்டுவிட்டு ஒலிக்கும் குழந்தைகள் அங்கே பலர். ‘படம்’, ‘பட்டம்’ என்று இரட்டித்தலால் பொருளை வேறுபடுத்தும் தமிழிலும், குழந்தையிடம் நாம் ஓயாமல் சொல்லும் அம்மா, அப்பா, பாப்பா, தாத்தா, மம்மம் ஆகியவற்றில் தாடை சற்று நின்று திறக்கும் அதே வடிவமே அமைந்திருக்கிறது.