வாங்குவதா, லீஸ் எடுப்பதா? 9 சதவீதத்தில் இருக்கிறது விடை

திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனிக்குப் புது மெஷின் தேவை. விலை 20 லட்சம். லீஸ் நிறுவனம் அதையே 5 ஆண்டுகளுக்கு, ஆண்டு முடிவில் 5.2 லட்சம் வாடகைக்குத் தர முன்வருகிறது. வங்கியில் கடன் வட்டி 12 சதவீதம். உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான் இவை. வரி வீதம் மட்டும் நிஜம்: 22 சதவீதச் சலுகை வீதத்தைத் தேர்ந்தெடுத்த இந்தியக் கம்பெனி, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.168 சதவீதம் கட்டுகிறது. நாம் 25 என்று வைத்துக்கொள்வோம்.

மெஷின் சொந்தமானாலும் வாடகையானாலும் துணி அதே அளவுதான் வரும். அதனால் வருமானத்தை விட்டுவிட்டு, எந்த வழியில் செலவு குறைவு என்று மட்டும் பார்த்தால் போதும்.

வாடகை முழுவதும் செலவாகக் கழிவதால் 5.2 லட்சத்தில் கால் பங்கு வரியில் மிச்சமாகும். கையிலிருந்து உண்மையில் போவது ஆண்டுக்கு 3.9 லட்சம். ஐந்தாண்டுக்குப் பரவிய இந்தத் தொகையை இன்று கட்டும் விலையோடு ஒப்பிட, வட்டியைக் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். அதை எந்த வீதத்தில் செய்வது? பலர் தடுமாறும் இடம் இதுதான்.

லீஸில் கையெழுத்துப் போடுவது கடன் வாங்குவதற்குச் சமம். வியாபாரம் படுத்தாலும் வாடகை கட்டியே ஆக வேண்டும். அந்த அளவுக்கு வங்கியில் கடன் வாங்கும் தெம்பு குறைகிறது. எனவே லீஸுக்கு மாற்று வங்கிக் கடன்தான். 12 சதவீத வட்டியிலும் கால் பங்கு வரியில் மிச்சமாவதால் கடனின் நிகரச் செலவு 9 சதவீதம். அந்த வீதத்தில் 3.9 லட்சம் வீதம் 5 ஆண்டுகள் கட்டுவதன் இன்றைய மதிப்பு 15.17 லட்சம்.

இதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. இன்று வங்கியில் 15.17 லட்சம் வாங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு வட்டி, வரி மிச்சம் போக, 1.365 லட்சம். 3.9 லட்சம் கட்டினால் அசலில் 2.535 லட்சம் குறையும். இப்படியே கட்டிவந்தால் ஐந்தாம் ஆண்டு முடிவில் கடன் சரியாகத் தீர்ந்துவிடும். ஆக இந்த லீஸ், 15.17 லட்சம் கடனின் பாரத்தைத்தான் கம்பெனியின் தலையில் வைக்கிறது.

இனி வாங்கும் பக்கம். இன்று போவது 20 லட்சம். மெஷினுக்கு ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். முதல் ஆண்டில் 3 லட்சம். அதனால் வரியில் 75,000 ரூபாய் மிச்சம். பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். ஐந்தாண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு 2.22 லட்சம்.

ஐந்தாண்டு கழித்து மெஷினை 7 லட்சத்துக்கு விற்கலாம் என்று கணிக்கிறோம். வாடகையைப் போல இது நிச்சயமான தொகை அல்ல. அதனால் இதற்கு மட்டும் 14 சதவீதம் போடுகிறேன்; 3.64 லட்சம் வருகிறது. கணக்குப் புத்தகத்தில் அப்போது 8.87 லட்சம் மதிப்பு மீதமிருக்கும். அதில் விற்ற 7 லட்சம் போக எஞ்சும் 1.87 லட்சத்தை உடனே நஷ்டமாக எழுத முடியாது. கம்பெனியிடம் வேறு மெஷின்கள் இருந்தால் அதே தொகுப்பில் தொடர்ந்து தேய்ந்துகொண்டிருக்கும். அதன் வரி மிச்சம் இன்றைய மதிப்பில் 0.19 லட்சம். எல்லாம் கழித்தால் வாங்கும் செலவு 13.95 லட்சம். லீஸைவிட 1.22 லட்சம் குறைவு.

இப்போது ஒருவர், "என் தொழிலில் 18 சதவீதம் லாபம் வருகிறது, அதையே போடுகிறேன்" என்று எல்லா வரிசைக்கும் 18 போட்டால் லீஸ் 12.2 லட்சம், வாங்குவது 15.02 லட்சம் என்று விடை தலைகீழாகிவிடும். நாளை கட்டவேண்டிய வாடகையை உயர்ந்த வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும்போது அது இருப்பதைவிட லேசாகத் தெரிகிறது. லாப வீதம் மெஷின் தேவையா என்ற கேள்விக்கு உரியது. அதற்கு எந்த வழியில் பணம் கட்டுவது என்பது வேறு கேள்வி.

இன்னொரு பிழை, வாங்கும் பக்கத்தில் வங்கித் தவணையையோ வட்டியின் வரி மிச்சத்தையோ தனி வரிசையாகச் சேர்ப்பது. வட்டியும் அதன் வரி மிச்சமும் அந்த 9 சதவீதத்துக்குள்ளேயே இருக்கின்றன. தாளில் வட்டி என்று தனி வரிசை இருந்தால், அது இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது.

கம்பெனி நஷ்டத்தில் இருந்து வரியே கட்டாவிட்டால் கணக்கு மாறும். தேய்மானத்தால் இப்போதைக்குப் பயன் இல்லை, வீதமும் 9 இல்லை, முழு 12. நல்ல லாபத்தில் வரி கட்டும் லீஸ் நிறுவனம் தேய்மானத்தைத் தான் எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கை வாடகைக் குறைப்பாகத் தர முடியும். லீஸ் இரு தரப்புக்கும் உண்மையில் லாபமாவது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான்.

நம் கம்பெனி வரி கட்டுகிறது. அதன் முடிவு பெரிதும் தொங்குவது அந்த 7 லட்சத்தில். விற்பனை விலை சுமார் 4.1 லட்சமாக இறங்கினால் இரண்டு வழியும் சமம். அதற்கும் கீழே போனால் லீஸ்தான் மலிவு. ஆர்டர் போடுமுன் பழைய மெஷின் வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம், ஐந்து வருடம் ஓடிய இதே மாடல் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுவிடலாம்.