ரெண்டு எழுத்த விட்டதுல கியர்பொக்ஸே நகந்துருச்சு

போன மாசம் தலவாக்கல பக்கம் டீ பேக் அடிக்கிற ஒரு எடத்துல இருந்து போன் வந்துச்சு. மிசின் நின்னு ரெண்டு நாளாச்சு, மேனுவல்ல ஏதோ பிழை இருக்காப்ல தெரியுது, வந்து ஒருக்கா பாக்க முடியுமான்னு கேட்டாங்க. இந்த வருசத்துல மட்டும் இது எனக்கு மூணாவது. மூணுமே இத்தாலி மிசின், மூணுமே வேற வேற ஆள் இங்கிலீசுக்கு மாத்தின மேனுவல், மூணுலயும் பிழ ஒரே எடத்துலதான், போல்ட் இறுக்குற டொர்க் டேபிள்ல. அதனாலதான் இத எழுதுறேன்.

நான் பலெர்மோவுல 11 வருசம் இருந்தவன், அதுல 7 வருசம் மிசின் ரிப்பேர் பட்டறையில வேல. ஹட்டனுக்கு திரும்பி வந்ததுல இருந்து இத்தாலி மேனுவல இங்கிலீசுக்கு மாத்திக் குடுக்குறதுதான் தொழில். நம்ம பக்கம் வர்ற பேக்கிங் மிசின்ல நெறைய செக்கன்ட் ஹேண்ட், கூட வர்ற மேனுவல் பழைய போட்டோ கொப்பி, அதுவும் இத்தாலியன்ல மட்டுந்தான் இருக்கும். பெக்டரியில பிட்டர், இன்ஜினியர், ஓடிட்டர் எல்லாருக்கும் இங்கிலீசுல வேணும், ஒடனே இத்தாலியில இருந்து வந்த யாரையாவது புடிச்சு குடுத்துர்றாங்க.

தலவாக்கலையில நடந்தது இதுதான். மிசினோட மெயின் கியர்பொக்ஸ பேரிங் மாத்துறதுக்காக கழட்டி, வேலய முடிச்சு திரும்ப பூட்டியிருக்காங்க. அத பிரேம்ல புடிச்சு வச்சிருக்குறது நாலு எம் 8 அலன் போல்ட், அசையாம சரியான எடத்துல நிக்க வைக்கிறது ரெண்டு டவல் பின். ஒரிஜினல் டேபிள்ல அந்த போல்ட்டுக்கு, போல்ட் சைஸ், போல்ட்டோட பலத்த காட்டுற நம்பர், இறுக்குற அளவுன்னு வரிசையா இப்பிடி இருக்கு:

```
M8   8.8   2,5 daNm
```

இங்கிலீஸ் கொப்பியில வந்தது இப்பிடி:

```
M8   8.8   2.5 Nm
```

நடுவுல ரெண்டு எழுத்து காணோம். மாத்தின தம்பிக்கு நானே போன் போட்டு கேட்டேன், நல்ல புள்ள, மறைக்காம சொன்னாரு. இத்தாலியன்ல ‘டா’ன்னா ‘இருந்து’ன்னு அர்த்தம் வரும், போட்டோ கொப்பியில அந்த ரெண்டு எழுத்தும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்துச்சு, அதனால ‘இதுல இருந்து இதுவரைக்கும்’ங்கிற மாதிரி ஏதோ வசனம் பாதியில நிக்கிதுன்னு நெனச்சு விட்டுட்டேன் அண்ணேன்னாரு. ஆனா அது டெக்கா. டெக்கா நியூட்டன் மீட்டர்னா பத்து நியூட்டன் மீட்டர். 2,5 டெக்கான்னா 25 நியூட்டன் மீட்டர். பத்துல ஒரு பங்கு இறுக்கத்துலதான் கியர்பொக்ஸ் ஓடியிருக்கு.

கையால நெனச்சுப் பாருங்க. 25 சென்டிமீட்டர் நீளமான ஸ்பானரோட நுனியில ஒரு கிலோ சீனி பேக்க தொங்கவிட்டா என்ன இறுக்கம் வருமோ அதுதான் 2.5. அதே நுனியில பத்து கிலோ அரிசி மூட்டய தொங்கவிட்டா வர்றதுதான் 25. ஒரு கிலோ சீனிக்கு இறுகின போல்ட், நாள் பூரா அதிர்ற மிசின்ல எத்தன நாளைக்கு நிக்கும்?

அங்க 30 வருசம் வேல செஞ்ச பிட்டர் மாமா ஒருத்தர் இருக்காரு. "எனக்கு அன்னைக்கே மனசு ஒப்பல தம்பி, எம் 8 போல்ட்ட வெரலால திருப்பின மாதிரி விடச் சொல்லுதேன்னு நெனச்சேன், ஆனா செக் ஷீட்டுல 2.5ன்னு போட்டு கையெழுத்து வைக்கணும், நான் கூட இறுக்கி போல்ட் ஒடஞ்சா என் தலயிலதானே விடியும்"ன்னாரு. அவர நான் குத்தம் சொல்ல மாட்டேன். இதுல இன்னொன்னு, அவங்ககிட்ட இருந்த அரை இன்ச் டொர்க் ரென்ச் அவ்வளவு கீழயே வராது, அதுக்காக சின்னது ஒன்னு புதுசா வாங்கியிருக்காங்க. கியர்பொக்ஸ் பூட்டுற போல்ட்டுக்கு கால் இன்ச் ரென்ச் தேவப்படுதுன்னா அந்த எடத்துலயே வேலய நிப்பாட்டி யாரையாவது கேட்டுருக்கணும்.

சரி, போல்ட் லூசுன்னாலும் டவல் பின் தாங்கியிருக்குமேன்னு கேப்பீங்க. அந்த கதயயும் கேளுங்க. பழைய பின் ரெண்டும் கழட்டும்போது நெளிஞ்சு போச்சு, புதுசு எடுக்க பார்ட்ஸ் லிஸ்ட்ட பாத்திருக்காங்க. இத்தாலியன்ல ‘ஸ்பீனா’ன்னு இருக்கு. ஸ்பீனான்னா முள்ளு, கரண்ட் பிளக், டவல் பின், மூணுக்கும் அதே சொல்லுதான். வீட்டுல பொழங்குற இத்தாலியன் மட்டும் தெரிஞ்சவருக்கு பிளக்குதான் மொதல்ல ஞாபகத்துக்கு வரும், லிஸ்ட்டுல பிளக்னு எழுதிட்டாரு. ஸ்டோர்ல அத ஓட்ட அடைக்கிற பிளக்காக்கும்னு எடுத்துக்கிட்டு, அதே சைஸுல பிளாஸ்டிக் மூடி ரெண்டு குடுத்துட்டாங்க. பின் போக வேண்டிய ஓட்டயில மூடிய அமத்தி விட்டு மிசின ஓட்டியிருக்காங்க.

போல்ட் மெல்ல கழர ஆரம்பிச்சு, கியர்பொக்ஸ் கொஞ்சங் கொஞ்சமா நகந்து, செயின் லூசாகி, ஒரு நாள் ராத்திரி ஷிப்ட்டுல ஒரு பல்லு தாவிருச்சு. டைமிங் மாறுனதும் வெட்டுற கத்தி சீல் பண்ற தாடையில போயி அடிச்சிருக்கு. ஆளுக்கு ஒன்னும் ஆகல, அத நெனச்சாதான் மூச்சு வருது. கத்தியும் தாடையும் போச்சு. நான் போயி பாக்கும்போது நாலு வாசரச் சுத்தியும் செங்கல் நெறத்துல தூள் படிஞ்சிருந்துச்சு. இரும்பும் இரும்பும் அசஞ்சு உரசுனா அந்த தூள் வரும். கிளீன் பண்றவங்க அத சாதாரண துருன்னு நெனச்சு தொடச்சுக்கிட்டே இருந்திருக்காங்க. போல்ட் தலயச் சுத்தி அந்த தூள கண்டீங்கன்னா தொடைக்கிறதுக்கு முன்னால மிசின நிப்பாட்டி மெயின் சுவிச்ச லொக் பண்ணிட்டு இறுக்கத்த பாருங்க.

இப்ப எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலான விசயத்துக்கு வர்றேன். "எழுத்த மட்டும் மாத்துங்க, நம்பர் அப்பிடியே இருக்கட்டும், நம்பருக்கு என்ன பாஷ?"ன்னு மேனுவல் குடுக்குற முக்காவாசிப் பேர் சொல்றாங்க. பக்கத்துக்கு எத்தன சொல்லுன்னு எண்ணித்தான் காசும் குடுப்பாங்க, டேபிளுக்கு காசு கெடயாது, அதனால மாத்துறவரும் டேபிள ஒரு ஓட்டமா பாத்துட்டு போயிருவாரு. நம்பருக்கு பாஷ இருக்குங்க. இத்தாலியன்ல தசம புள்ளிக்கு கமா போடுவாங்க, ஆயிரத்துக்கு புள்ளி வைப்பாங்க, நம்ம பழக்கத்துக்கு நேர் எதிரா. 1.500ன்னு இருந்தா அது ஆயிரத்து ஐந்நூறு. அது நம்ம கண்ணுக்கு ஒன்றரை. அதுக்கு மேல யூனிட். பழைய இத்தாலி மேனுவல்ல டெக்கா நியூட்டன் மீட்டரும் இருக்கும், கிலோகிராம் மீட்டரும் இருக்கும், ஒரே மேனுவல்ல வேற வேற பக்கத்துல ரெண்டும் இருக்கும், ஏன்னா மோட்டர் ஒரு கம்பெனியோடது, கியர்பொக்ஸ் இன்னொரு கம்பெனியோடது, ரெண்டு பேரோட தாளையும் ஒன்னா சேத்து பைண்ட் பண்ணியிருப்பாங்க. நம்ம பெக்டரியில இருக்குற ரென்ச்ல ஃபுட் பவுண்ட் இருக்கும். கணக்கு இவ்வளவுதான்:

```
1 daNm  = 10 Nm
1 kgm   = 9.81 Nm
1 lb-ft = 1.356 Nm
```

கிலோகிராம் மீட்டர நடுவுல கோடு போட்டு ‘ஒரு மீட்டருக்கு இத்தன கிலோ’ங்கிற மாதிரி எழுதுறவங்களும் இருக்காங்க, அப்பிடி எழுதுனா அது கம்பியோட பாரம், இறுக்கம் கெடயாது. ‘கோப்பியா’ங்கிற சொல்லும் அப்பிடித்தான். ஜோடிக்கும் கோப்பியா, டொர்க்குக்கும் கோப்பியா. தலவாக்கல கொப்பியில டேபிளுக்கு மேல ‘ஸ்க்ரூ ஜோடி’ன்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீசுல தலப்பு போட்டிருந்துச்சு. அத படிக்கிற பிட்டருக்கு அது இறுக்குற அளவுன்னே வெளங்காது.

மாத்துறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், கெஞ்சியே கேக்குறேன். ஒரிஜினல் நம்பரையும் யூனிட்டையும் அழிக்காதீங்க. அது இருந்தபடியே இருக்கட்டும், பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டு நியூட்டன் மீட்டர்ல எழுதுங்க. நீங்க பிழ விட்டாலும் பாக்குறவர் கண்டுபுடிச்சுக்குவாரு. எழுதி முடிச்சதும் ஒவ்வொரு வரியையும் போல்ட் சைஸோட ஒத்துப் பாருங்க. சாதாரண 8.8 போல்ட்டுக்கு எம் 6ன்னா ஏறக்கொறைய 10, எம் 8ன்னா 25, எம் 10ன்னா 50, எம் 12ன்னா 85 நியூட்டன் மீட்டர். எம் 8க்கு நேரா 2.5ன்னோ 250ன்னோ வந்தா ஒடனே கண்ணுல குத்தணும். இந்த சோதன பத்து மடங்கு பிழயதான் புடிக்கும், 22க்கு பதிலா 25ன்னு இருந்தா புடிக்காது. அலுமினியத்துல போற போல்ட், கேஸ்கட் வச்ச மூடி இதுக்கெல்லாம் கம்பெனிக்காரனே வேணும்னுதான் கொறச்சு குடுத்திருப்பான், அத இந்த கணக்க வச்சு ‘திருத்தி’ வச்சுராதீங்க. சந்தேகம்னா பக்கத்துல சந்தேகம்னு எழுதி கம்பெனிய கேளுங்க.

பார்ட்ஸ் பேருக்கு டிக்ஷனரிய மட்டும் நம்பாதீங்க. ‘கிரானோ’ன்னா கோதும, மேனுவல்ல அது தலயில்லாத அலன் ஸ்க்ரூ. ‘ஆல்பெரோ’ன்னா மரம், மேனுவல்ல ஷாஃப்ட். டிராயிங்ல அந்த நம்பர் எந்த உருப்படிய காட்டுதுன்னு பாக்காம ஒரு பேரும் எழுதக்கூடாது. தலவாக்கல டிராயிங்ல அந்த ஸ்பீனா உருண்டயான கம்பித் துண்டு மாதிரி தெளிவா இருந்துச்சு, டிராயிங் பக்கத்த திருப்பியே பாக்கல.

பெக்டரிக்காரங்களுக்கும் சொல்றேன். இங்கிலீஸ் கொப்பி வந்த ஒடனே இத்தாலி மேனுவல ஸ்டோர் மூலயில போடுறது, அதவிட மோசம் தூக்கிப் போடுறது, இத நிறுத்துங்க. ஐரோப்பாவுல 2006/42 இயந்திர சட்டத்துலயே மொழிபெயர்ப்போட ஒரிஜினலையும் சேத்து குடுக்கணும்னு இருக்கு. நம்ம நாட்டுல அந்த சட்டம் செல்லாது, பழைய மிசினுக்கு அங்கயும் செல்லாது, ஆனா காரணம் எல்லா எடத்துக்கும் ஒன்னுதான். தலவாக்கலையில ஒரிஜினல் இருந்ததாலதான் அர மணித்தியாலத்துல என்னால பிழய கண்டுபுடிக்க முடிஞ்சுச்சு. அப்புறம், மனசு ஒப்பலன்னு சொல்ற பிட்டருக்கு அத எழுதி வைக்க செக் ஷீட்டுல ஒரு கட்டம் போட்டுக் குடுங்க.

புது டவல் பின் ரெண்டும் போட்டு, நாலு போல்ட்டையும் புதுசா மாத்தி, பிட்டர் மாமா கையாலயே 25ல இறுக்குனாரு. ரென்ச் ஃபுட் பவுண்ட்ல இருந்ததால பதினெட்டரைக்கு கொஞ்சம் கீழ வச்சோம். இறுக்குனதும் போல்ட் தலயில இருந்து பிரேம் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்ல ஒரு கோடு இழுத்து விட்டோம், போல்ட் திரும்புனா கோடு முறிஞ்சு காட்டிக் குடுத்துரும். நேத்து மாமா போட்டோ அனுப்பியிருந்தாரு, நாலு கோடும் நேரா இருக்கு, வாசரச் சுத்தி தூளும் இல்ல.

உங்க எடத்துல இத்தாலி மிசின் இருந்தா, டொர்க் டேபிள் பக்கத்த இத்தாலியன்லயும் இங்கிலீசுலயும் போட்டோ எடுத்து அனுப்புங்க. அந்த ஒரு பக்கத்த பாத்துச் சொல்றதுக்கு நான் காசு வாங்க மாட்டேன்.