பாம்பு விழுங்கிய நிலவும் பஞ்சாங்கத்து ராகுவும்

திருக்குறளில் ஒரு காதலி புலம்புகிறாள். அவனைப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான், ஊர்ப்பேச்சோ "திங்களைப் பாம்புகொண் டற்று" எங்கும் பரவிவிட்டது என்கிறாள். வானியல் தெரிந்தவர்களுக்கு இந்த உவமை இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க, பூமியில் விழும் ஒடுக்கமான நிழல் பாதைக்குள் நாம் இருக்க வேண்டும். சந்திர கிரகணம் அப்படியில்லை. அந்த நேரத்தில் எங்கெல்லாம் நிலவு வானில் இருக்கிறதோ அங்கெல்லாம், அதாவது பாதி உலகத்துக்கு, அது ஒரே சமயத்தில் தெரியும். ஊர் முழுக்கத் தெரிந்துபோன சங்கதிக்குச் சூரியனைச் சொல்லாமல் திங்களைச் சொன்னது அவ்வளவு பொருத்தம்.

அந்தப் பாம்பின் கதை நமக்குத் தெரிந்ததுதான். பாற்கடலில் எடுத்த அமுதத்தை மோகினி பரிமாறும்போது, சுவர்பானு என்ற அசுரன் தேவர் வேடத்தில் வரிசையில் உட்கார்ந்துவிட்டான். சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுத்தார்கள். திருமாலின் சக்கரம் அவன் தலையை அறுத்தது. அமுதம் தொண்டையைத் தொட்டிருந்ததால் தலையும் சாகவில்லை, உடலும் சாகவில்லை. தலை ராகு, உடல் கேது. பழியை மறக்காத ராகு அவ்வப்போது இருவரையும் பிடித்து விழுங்குகிறான். கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லாததால் விழுங்கியது வெளியே வந்துவிடுகிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வானத்தை உற்றுப் பார்ப்பவருக்கு இந்தக் கதையில் சில இடங்கள் இடிக்கும். வஞ்சம் தீர்க்க நினைக்கும் அசுரன் நிலவைப் பிடிக்க ஏன் எப்போதும் பௌர்ணமி வரை காத்திருக்கிறான்? சூரியனுக்கு ஏன் அமாவாசைதான்? 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் இதைவிடக் கூர்மையான ஒரு கேள்வியைப் பிடித்தார். சந்திர கிரகணத்தில் நிலவின் கிழக்கு ஓரம்தான் முதலில் கறுக்கும். சூரிய கிரகணத்திலோ சூரியனின் மேற்கு ஓரம் முதலில் மறையும். இரண்டுக்கும் ஒரே வாய் என்றால் ஏன் ஒன்றைக் கிழக்கிலிருந்தும் மற்றதை மேற்கிலிருந்தும் கடிக்க வேண்டும்?

விடை நிலவின் ஓட்டத்தில் இருக்கிறது. தினமும் கிழக்கே உதித்து மேற்கே மறைவது பூமி சுழல்வதால் வரும் தோற்றம். விண்மீன்களை வைத்துப் பார்த்தால் நிலவு மேற்கிலிருந்து கிழக்காக, நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை நகர்கிறது. சந்திர கிரகணத்தில் நிலவே கிழக்கு நோக்கிப் போய் பூமியின் நிழலுக்குள் நுழைகிறது, அதனால் கிழக்கு ஓரம் முதலில் நனையும். சூரிய கிரகணத்தில் அதே நிலவு மேற்கிலிருந்து வந்து சூரியனை மறைக்கிறது, அதனால் சூரியனின் மேற்கு ஓரம் முதலில் போகும். இந்த ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு அடுத்த சந்திர கிரகணத்தைப் பாருங்கள். எந்தக் கருவியும் வேண்டாம், எந்தப் பக்கம் முதலில் கறுக்கிறது என்று பார்த்தால் போதும். வராகமிகிரருக்கு முன்பே, கி.பி. 499-இல் ஆரியபட்டர் ஒரே வரியில் சொல்லியிருந்தார்: சூரியனை மறைப்பது சந்திரன், சந்திரனை மறைப்பது பூமியின் பெரிய நிழல்.

சரி, அப்படியானால் மாதாமாதம் பௌர்ணமி வருகிறதே, ஏன் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை? ராகு உண்மையில் வேலை செய்கிற இடம் இதுதான்.

ஒரு வளையலுக்குள் இன்னொரு வளையலைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் இரண்டின் தளங்களும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வெட்டிக்கொள்ளும். வானத்தில் சூரியன் போகிற பாதை ஒரு வளையல், நிலவின் பாதை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே சாய்வு 5 பாகைக்குக் கொஞ்சம் அதிகம். பார்க்கச் சின்னதுதான், ஆனால் நிலவின் அகலமே அரைப் பாகைதான். பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு பூமி நிழலுக்கு மேலேயோ கீழேயோ ஒதுங்கிப் போய்விடுகிறது. பாதைகள் வெட்டும் அந்த இரண்டு இடங்களுக்குப் பக்கத்தில் பௌர்ணமியோ அமாவாசையோ வந்தால் மட்டுமே மூன்றும் நேர்கோட்டில் நிற்கும். நிலவு தெற்கிலிருந்து வடக்கே ஏறிக் கடக்கும் வெட்டுப்புள்ளிக்கு நம் வானியலாளர்கள் ராகு என்று பேர் வைத்தார்கள். வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் புள்ளி கேது.

எந்த ஜாதகக் கட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். ராகு இருக்கும் வீட்டிலிருந்து எண்ணினால் ஏழாவது வீட்டில் கேது இருக்கும், ஒருநாளும் மாறாது. வளையல்கள் வெட்டும் புள்ளிகள் 180 பாகை எதிரெதிராகத்தானே இருக்க முடியும்! அப்புறம், சூரியன், சந்திரன், செவ்வாய், குரு எல்லாம் மேஷம், ரிஷபம் என்று முன்னே போகும்போது ராகுவும் கேதுவும் மட்டும் மீனம், கும்பம் என்று பின்னோக்கிப் போகும். அதுவும் சரிதான். சூரியனின் ஈர்ப்பு நிலவின் சாய்ந்த பாதையைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. சாய்வு பெரிதாக மாறுவதில்லை, ஆனால் வெட்டுப்புள்ளிகள் மேற்கு நோக்கி வழுக்கிக்கொண்டே போகின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு 18.6 ஆண்டுகள். அதைப் பன்னிரண்டு ராசிகளுக்குப் பங்கிட்டால் ஒரு ராசிக்குச் சுமார் ஒன்றரை ஆண்டு. ராகு கேது பெயர்ச்சி ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வருவதன் காரணம் இதுவே. அந்தப் பெயர்ச்சியின் பலன்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கட்டத்தில் அந்த ராகுவை வைத்திருக்கும் இடம் வானியல்படி பொருள் உள்ள இடம் என்பதில் சந்தேகமே இல்லை.

ஒரு கிரகணத்தை எடுத்து இதைச் சோதித்துவிடலாம். 2025 செப்டம்பர் 7-ஆம் தேதி இரவு, நம் ஊர்களில் முழுச் சந்திர கிரகணம் தெரிந்தது. பத்து மணிக்குச் சற்று முன் நிலவின் ஓரம் கறுக்கத் தொடங்கி, பதினொரு மணியளவில் முழு நிலவும் நிழலுக்குள் போய், 82 நிமிடம் செம்பு நிறத்தில் நின்றது. பூமியின் காற்று மண்டலம் சூரிய ஒளியை வளைத்து, சிவப்பை மட்டும் மிச்சம் வைத்து நிழலுக்குள் அனுப்புவதால் வரும் நிறம் அது.

அன்று பஞ்சாங்கத்தில் ராகு கும்ப ராசியில் இருந்தான். சந்திரனும் கும்பத்தில்தான். இரண்டுக்கும் இடையே தூரம் சுமார் 3 பாகை. வெட்டுப்புள்ளிக்கு 3 பாகை தள்ளி இருக்கும்போது, நிலவு சூரியப் பாதையின் மட்டத்திலிருந்து கால் பாகை அளவுதான் விலகியிருக்கும். பூமியின் நிழல், நிலவு இருக்கும் தொலைவில், ஏறக்குறைய ஒன்றரைப் பாகை அகலம். அரைப் பாகை அகல நிலவு, நிழலின் மையத்திலிருந்து கால் பாகை தள்ளிப் போனால் முழுசாக உள்ளே அடங்கிவிடும். அதனால்தான் அது முழுக் கிரகணம். ராகுவிலிருந்து தூரம் 10, 12 பாகைக்கு மேல் போயிருந்தால் கருநிழல் நிலவைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது.

அதே மாதம் 21-ஆம் தேதி அமாவாசை. அதற்குள் சூரியன் நாளுக்கு ஒரு பாகையாக 14 பாகை நகர்ந்து, எதிர்ப்பக்கத்தில் இருந்த கேதுவை விட்டு 11 பாகை விலகிவிட்டது. நிலவு சூரியனுக்கு ஏறக்குறைய ஒரு பாகை தெற்கே போனது. விளைவு: உலகில் எங்கேயும் முழு மறைப்பு இல்லை. நியூசிலாந்து, அண்டார்டிகா போன்ற தென்கோடிப் பகுதிகளில் மட்டும் பாதிக் கிரகணமாகத் தெரிந்தது. கிரகணங்கள் இப்படி இரண்டு வார இடைவெளியில் ஜோடியாக வருவதும், சுமார் ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு ஜோடி வருவதும் சூரியன் ராகுவையும் கேதுவையும் மாறி மாறிக் கடப்பதால்தான்.

இந்தக் கணக்கை நம் ஊரில் எப்படிப் போட்டார்கள் என்பதற்கு நல்ல சாட்சிகள் இருக்கின்றன. 1769-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி, மேகம் மறைத்து ஏமாந்துபோனார். ஆனால் அங்கிருந்த தமிழ்க் கணக்கர்களிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டு போனார். 1765 ஆகஸ்ட் 30-இல் நடந்த சந்திர கிரகணத்துக்குத் தமிழ்க் கணக்கு தந்த கால அளவு உண்மையைவிட 41 வினாடி குறைவு. அப்போது ஐரோப்பாவில் பெயர் பெற்றிருந்த, மேயர் என்ற ஜெர்மன் வானியலாளரின் அட்டவணைப்படி போட்டால் 68 வினாடி அதிகம்.

1825-இல் ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய ஜான் வாரன் என்ற அதிகாரி, புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதினார். அவர் காகிதத்தைத் தொடவில்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்திக்கொண்டே, மனப்பாடமாக இருந்த அட்டவணைகளைச் சொல்லிக்கொண்டே கிரகணத்தைக் கணித்தார். அட்டவணைகள் எண்களாக இல்லை, வாக்கியங்களாக இருந்தன. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பேர் அதிலிருந்து வந்தது. சந்திர வாக்கியங்கள் மொத்தம் 248, ஒரு நாளைக்கு ஒன்று. முதல் வாக்கியம் "கீர்ந ஸ்ரேய". புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டால், மற்ற ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு: இங்கே க-வுக்கு 3, ந-வுக்கு 0, ர-வுக்கு 2, ய-வுக்கு 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 1-2-0-3, அதாவது 12 பாகை 3 கலை; ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. நிலவு பூமிக்கு வெகு தொலைவில் மெதுவாகப் போகும் நாளில் நகரும் தூரம் அந்த 12 பாகை 3 கலைதான். ஒரு வாழ்த்துப் போல ஒலிக்கிற சொற்களுக்குள் நிலவின் ஒரு நாள் ஓட்டம் இருக்கிறது!

அந்தப் பஞ்சாங்கக்காரர் கணித்த 1825 மே 31 இரவுச் சந்திர கிரகணம் எப்படி வந்தது? தொடக்கம் 4 நிமிடம் பிசகியது, நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். 1765-ஐ மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டு இதை மறைப்பது நியாயமில்லை. பிசகு எங்கிருந்து வரும் என்பதையும் பார்க்கலாம். பூமி நிழலை ஒப்பிட நிலவு ஒரு மணி நேரத்தில் தன் அகலம் அளவே, அரைப் பாகைதான் நகர்கிறது. ஆகவே நிலவின் இடத்தில் ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு தவறினால் கிரகணமே 20 நிமிடம் தள்ளிப்போகும். ராகுவின் இடம் தவறினால் வேறு விதமாகக் கெடும்: நிலவு நிழலின் எந்தப் பகுதி வழியாகப் போகிறது என்பது மாறும், அதனால் கிரகணம் நீடிக்கும் நேரம் கூடும் அல்லது குறையும். தொடக்கம் ஏறக்குறைய சரியாக வந்து முடிவு மட்டும் இவ்வளவு பிசகினால், நேரத்தோடு கால அளவும் தப்பியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அத்தனைக்கும் அந்தப் பஞ்சாங்கக்காரரிடம் தொலைநோக்கி இல்லை, அச்சிட்ட அட்டவணைகூட இல்லை.

அடுத்து நீங்களே சரிபார்க்க ஒரு நாள் சொல்கிறேன். 2027 ஆகஸ்ட் 2, ஆடி அமாவாசை. எகிப்தின் லக்சர் நகரத்துக்குப் பக்கத்தில் சூரியன் ஆறு நிமிடத்துக்கு மேல் முழுசாக மறையும். இந்தியாவில் மாலையில் பாதிக் கிரகணமாகத் தெரியும். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், சூரியனின் மேற்கு ஓரம்தான் முதலில் போகும். பார்ப்பதற்கு முன்னால் வீட்டுப் பஞ்சாங்கத்தில் அன்றைய கட்டத்தைத் திறந்தால், சூரியனும் சந்திரனும் கேதுவும் மூன்றும் கடகத்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.