டாலர்–யென் சார்ட்டில் 152: தினசரி வரைபடத்தைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்ப்பதால், மாற்று விகித சார்ட்டைப் புதிதாகத் திறப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இது இன்னும் ஏறுமா, இறங்குமா?" சார்ட்டில் அதற்குப் பதில் கிடையாது. விலை இதுவரை எங்கெங்கே போய்த் திரும்பியது, இப்போது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, எந்த இடம் வந்தால் நம் கணிப்பு தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் அதில் பார்க்கலாம். பலர் இந்த மூன்றாவதைப் பார்க்காமலே பணத்தைப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன். பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட, ஒரே ஒரு சார்ட்டை எடுத்து நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். 2022 முதல் 2024 வரையிலான டாலர்–யென் தினசரி சார்ட் அதற்கு நன்றாகப் பொருந்தும்.

திரையில் USD/JPY என்று இருக்கும். ஒரு டாலருக்கு எத்தனை யென் என்று பொருள். கோடு மேலே போனால் டாலர் வலுக்கிறது, யென் பலவீனமாகிறது. யென்னைப் பற்றி யோசித்துக்கொண்டே சார்ட்டைப் பார்ப்பவர்கள் இந்த இடத்திலேயே தலைகீழாகப் புரிந்துகொள்வது உண்டு. அதனால் எந்த ஜோடியாக இருந்தாலும், முதலில் எழுதப்பட்டிருக்கும் பணத்தின் விலையைத்தான் சார்ட் காட்டுகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தினசரி சார்ட்டில் ஒரு கேண்டில் என்றால் ஒரு நாள். அந்த நாளின் தொடக்க விலை, உச்சம், அடி, முடிவு விலை ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட தடித்த பகுதி உடல். அதற்கு மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகள் திரி. இந்தச் சந்தை வார நாட்களில் 24 மணி நேரமும் நடப்பதால், 'நாள் முடிவு' என்பது ஏற்பாடாக வைத்துக்கொண்ட ஒரு நேரம்தான். நியூயார்க்கில் மாலை 5 மணியை எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். உங்கள் செயலி வேறு நேரத்தில் நாளை வெட்டினால் முடிவு விலைகள் மாறும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு குட்டிக் கேண்டில்கூடத் தனியாக வந்து நிற்கலாம். அப்படி இருந்தால் அமைப்புகளில் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, 2022 அக்டோபர் 21க்குப் போவோம். அன்று காலை விலை 150ஐ ஒட்டி இருந்தது. பகலில் 151.94 வரை ஏறியது. பிறகு ஜப்பான் அரசு சந்தையில் இறங்கி டாலரை விற்று யென்னை வாங்க, சில மணி நேரத்திலேயே 147க்கும் கீழே விழுந்தது. நாள் 148க்குக் கீழே முடிந்தது. சார்ட்டில் இது மேலே ஒரு நீண்ட திரியும் கீழே ஒரு திரியும் கொண்ட பெரிய இறக்கக் கேண்டில். ஏறிப் பார்த்தார்கள், அங்கே நிற்கவிடாமல் யாரோ பெரிய அளவில் விற்றார்கள் என்று அந்த மேல் திரி சொல்கிறது. விலையை மேலே ஏறவிடாமல் திருப்பும் ஒரு தடை, அதாவது ரெசிஸ்டன்ஸ், பிறப்பது இப்படித்தான்.

ஆனால் ஒரு முறை திரும்பியதை வைத்து அங்கே கோடு போட்டுவிட முடியாது. அதற்குப் பிறகு விலை சரிந்து 2023 ஜனவரியில் 127 வரை வந்தது. அங்கிருந்து மாதக்கணக்கில் ஏறி, 2023 நவம்பர் 13 அன்று 151.9ஐத் தொட்டு மறுபடியும் திரும்பியது. ஓராண்டு இடைவெளியில், கிட்டத்தட்ட அதே இடத்தில் இரண்டாம் முறை. இப்போதுதான் 152 என்பது எல்லோருடைய சார்ட்டிலும் ஒரு இடமாகிறது. அந்த எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. 'இங்கே வந்தால் ஜப்பான் மறுபடியும் தலையிடுமோ' என்ற பயம் வாங்குபவர்களைத் தயங்க வைத்தது, ஏற்கெனவே லாபத்தில் இருந்தவர்களை விற்க வைத்தது. ரெசிஸ்டன்ஸும், விலையைக் கீழே இறங்கவிடாமல் தாங்கும் சப்போர்ட்டும் இப்படிப் பலருடைய ஆர்டர்களும் நினைவுகளும் குவிந்து கிடக்கும் இடங்கள்தாம்.

அதனால்தான் ஒற்றைக் கோடாக வரையாமல் பட்டையாக வரையச் சொல்கிறேன். இந்தச் சார்ட்டில் 151.5 முதல் 152 வரை ஒரு பட்டை போதும். உங்கள் செயலியில் உச்சம் 151.91 என்றும் நண்பருடைய செயலியில் 151.93 என்றும் இருக்கலாம். இந்தச் சந்தைக்கு ஒரே மையப் பரிவர்த்தனைக் கூடம் கிடையாது, ஒவ்வொரு செயலிக்கும் விலை வேறு வேறு இடத்திலிருந்து வருகிறது. கடைசிப் புள்ளி வரை துல்லியமாகக் கோடு போட்டு அதன் மேல் ஆர்டர் வைப்பவர்கள்தான் சின்னச் சின்னத் தாண்டல்களில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்படி ஒரு தாண்டலை இதே சார்ட்டில் பார்க்கலாம். 2024 மார்ச் 27 அன்று விலை 151.97ஐத் தொட்டது. முந்தைய இரண்டு உச்சங்களையும் மயிரிழையில் தாண்டியாகிவிட்டது. 'உடைத்துவிட்டது' என்று அந்த நிமிடத்தில் வாங்கியிருந்தால்? அன்றே ஜப்பானின் நிதி அமைச்சகம், மத்திய வங்கி, நிதிச் சேவை முகமை மூன்றும் அவசரமாகக் கூடிப் பேசின. தலையீட்டுப் பயத்தில் விலை திரும்பி, நாள் 151.5க்கும் கீழே முடிந்தது. திரி மட்டும்தான் பட்டையின் விளிம்புக்குப் போனது, உடல் தாண்டவில்லை. தினசரி சார்ட்டில் உடைப்பு என்பதை நாள் முடிவு விலையை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

விலை மொத்தத்தில் எந்தப் பக்கம் போகிறது என்ற ட்ரெண்டை நான் இவ்வளவு தாமதமாக எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மார்ச் 27 அன்று 152ஐ மட்டும் பார்த்தவருக்கு 'மூன்றாவது முறையும் திரும்பிவிட்டது, இனி விற்கலாம்' என்றுதான் தோன்றியிருக்கும். இறங்கி நின்ற இடங்களையும் வரிசையாகக் குறித்திருந்தால் வேறு படம் தெரிந்திருக்கும். 2023 ஜனவரியில் 127, அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் 140, 2024 மார்ச் தொடக்கத்தில் 146.5. ஒவ்வொரு அடியும் முந்தையதைவிட உயரத்தில் இருக்கிறது. மேலே தடை அதே இடத்தில் இருக்க, கீழே வாங்குபவர்கள் ஒவ்வொரு முறையும் சீக்கிரமாகவே வந்துவிடுகிறார்கள். ஏற்ற ட்ரெண்ட் என்பதற்கு இதைவிட எளிய அடையாளம் எனக்குத் தெரியாது. நகரும் சராசரி போன்ற கருவிகளை அப்புறம் கற்றுக்கொள்ளலாம். முதலில் திரும்பிய உச்சங்களையும் அடிகளையும் கண்ணால் குறித்துப் பழகுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2022இலும் 2023இலும் விலை 152க்குப் பக்கத்தில் வந்தது, வந்த வேகத்தில் விலகியது. 2024 மார்ச் கடைசியிலோ அது விலகவே இல்லை. இரண்டு வாரங்களுக்குப் பட்டைக்கு அடியிலேயே சின்னச் சின்னக் கேண்டில்களாக ஒட்டிக்கொண்டு நின்றது. விற்க வேண்டியவர்கள் விற்றும் விலை கீழே போகவில்லை என்றால், அந்த ரெசிஸ்டன்ஸ் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். பல முறை தொட்டால் தடை பலப்படும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அதை அப்படியே நம்ப வேண்டாம்.

ஏப்ரல் 10 அன்று அமெரிக்கப் பணவீக்க எண் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தது. விலை 152ஐத் தாண்டி, நாளும் 153ஐ ஒட்டி முடிந்தது. நாளின் முடிவு விலையே பட்டைக்கு மேலே நின்றதுதான் மார்ச் 27க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். அந்த மாதக் கடைசியில், ஏப்ரல் 29 அன்று 160 வரை போனது. மறுபடியும் ஜப்பான் தலையிட்டது. விலை மளமளவென்று இறங்கி மே 3 அன்று நின்ற இடம் எது என்று நினைக்கிறீர்கள்? 151.9. அங்கிருந்து மேலே ஏறி ஜூலைத் தொடக்கத்தில் 162ஐ நெருங்கியது. முன்பு கூரையாக இருந்தது இப்போது தரையானது. முன்பு 152இல் விற்று நஷ்டத்தில் மாட்டியவர்களுக்கு விலை அங்கே திரும்பி வந்தது வெளியேற வாய்ப்பு. அவர்கள் வெளியேற டாலரை வாங்கித்தான் ஆக வேண்டும். உடைப்பைத் தவறவிட்டவர்களும் அங்கேயே வாங்கக் காத்திருப்பார்கள். உடைந்த ரெசிஸ்டன்ஸ் சப்போர்ட்டாக மாறுவது இப்படித்தான்.

தரையும் உடையும். ஜூலை 25 அன்று விலை மறுபடியும் 152க்கு வந்து, அன்றைக்குத் தாங்கி மேலே முடிந்தது. ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. அன்று கேண்டில் பட்டைக்குக் கீழே, 150ஐ ஒட்டி முடிந்தது. ஆகஸ்ட் 5 அன்று 142க்கும் கீழே போய்விட்டது. 152இல் வாங்கி, 'இரண்டு தடவை தாங்கிய இடமாயிற்றே, திரும்பி வரும்' என்று காத்திருந்தவருக்கு மூன்றே வர்த்தக நாட்களில் டாலருக்குப் பத்து யென் நஷ்டம். பட்டைக்குக் கீழே நாள் முடிந்த அன்றே அந்தக் கணிப்பு முடிந்துவிட்டது. மார்ஜினில், அதாவது கடன் வாங்கிய பணத்தில் வர்த்தகம் செய்பவருடைய கணக்கு இதில் ஒரே வாரத்தில் காலியாகியிருக்கலாம்.

சார்ட்டே கைவிடும் நாட்களும் உண்டு. சுவிஸ் மத்திய வங்கி 2011 செப்டம்பர் 6 அன்று, ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று அறிவித்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்த சப்போர்ட் கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பில்லாமல் அதைக் கைவிட்டார்கள், சில நிமிடங்களில் விலை 1.00க்கும் கீழே போனது. விலை ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாக விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் வைத்திருந்தவர்களில் பலருக்குச் சொன்ன விலையில் அது நிறைவேறவில்லை. இடையில் வாங்க ஆளே இல்லாததுதான் காரணம். ஒரே நிறுவனத்தின் வாக்கை நம்பி நிற்கும் சப்போர்ட்டில் எவ்வளவு பணம் வைக்கலாம் என்பதை ஸ்டாப் லாஸை மட்டும் நம்பித் தீர்மானிக்க முடியாது. அந்த முழுத் தொகையும் போனால் தாங்குமா என்றுதான் பார்க்க வேண்டும்.

சமூக ஊடகங்களில் வரும் சார்ட் படங்களையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். விலை ஏறிய பிறகு, ஏறத் தொடங்கிய இடத்தில் அழகாக ஒரு கோடு போட்டு 'சப்போர்ட் வேலை செய்தது பாருங்கள்' என்று காட்டுவார்கள். நடந்து முடிந்த சார்ட்டில் யார் வேண்டுமானாலும் அப்படி வரையலாம். நான் மேலே விவரித்ததுகூட நடந்து முடிந்ததுதான். அதனால் நீங்களே சோதித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஒரு ஜோடியின் பழைய சார்ட்டைத் திறந்து, வலப்பக்கப் பாதியைத் தாளால் மறையுங்கள். தெரியும் பகுதியில் திரும்பிய உச்சங்களையும் அடிகளையும் குறித்து, இரண்டு பட்டைகளுக்கு மேல் வரையாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். ட்ரெண்ட் எந்தப் பக்கம், எந்த விலையில் நாள் முடிந்தால் உங்கள் கணிப்பு தவறு என்று தேதியோடு எழுதுங்கள். பிறகு தாளை ஒரு நேரத்தில் ஒரு கேண்டில் மட்டும் தெரிகிற மாதிரி நகர்த்துங்கள். பட்டை உடைந்த நாளில் அதை ஒப்புக்கொண்டீர்களா, இல்லை பட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கி வரைந்தீர்களா என்று உங்கள் தாளே காட்டிவிடும். இறக்கி வரைந்திருந்தால், உண்மையான பணத்தோடு இன்னும் தொடங்க வேண்டாம்.